தாழக் கட்டிய உடுப்புக்கொடி

மருமகன் எழுதிக்கொண்டு வந்த காட்சியில் கண்ணீர் ஏழு இடத்தில் வந்தது. இடி மூன்று. விளக்கு இரண்டு தடவை அணைந்தது. ஒரு தடவை அணைந்த விளக்கை இடையில் யார் ஏற்றினார்கள் என்று எழுதவில்லை. மாலை போட்ட படம் ஒன்று. வயலின் என்ற சொல் ஆறு தடவை. என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் வயலின் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான். எண்ணாமல் ஒன்றையும் பொறுப்பெடுக்க மாட்டேன்.

மனைவி இறந்து ஒரு வருடமாகப் போகிறது. ஆண்டுத் திவசத்துக்கு ஒரு படம் எடுக்கிறோம் என்று மகளும் மருமகனும் முடிவு செய்திருந்தார்கள். முன்பெல்லாம் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடிப்பார்கள். இறந்தவர் யாராக இருந்தாலும் அதில் குணக்குன்றாகவும் கருணைக்கடலாகவும் ஆகிவிடுவார். அயலுக்கு ஒரு கொத்து மல்லித்தழை கொடுக்காதவரையும் நான் கடலாகப் படித்திருக்கிறேன். இப்போது அந்தப் பொய்யை வீடியோவில் சொல்கிறார்கள். மருமகனுக்கு அதுதான் தொழில். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஒரே வயலின்.

வசனம் வேண்டாம் என்று சொன்னது மகள். நோர்வேயில் இருக்கும் என் மகனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது. எனக்கு நோர்வேக்காரரின் மொழி தெரியாது. ஆகவே யாரும் பேசாத படம். அந்த ஒரு விசயத்தில் மகளின் புத்தி வேலை செய்தது.

எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கவலை இல்லை. மகனைப் பற்றியதுதான். தாயின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. விசா, வேலை, ரிக்கற் என்று காரணங்கள் சொன்னான்; எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். தொலைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தான், தன் முகத்தை மூடிவைத்துக்கொண்டு. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுக்கிறான். நான் விழுங்கும் பிறெசர் குளிசையைப் பற்றிக் கேட்பான், அங்கே கொட்டும் பனியைப் பற்றிச் சொல்வான். தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் எனக்கு அழுது காட்டத் தேவையில்லை. இந்த வீட்டிலிருந்து என்ன போய்விட்டது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மருமகனைக் கதிரையில் இருத்தி அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

"'அவர் தங்களுடைய நாற்பத்தியொரு வருட இல்லற வாழ்வை எண்ணி உருகுகிறார்.' இதை எப்பிடித் தம்பி படம் பிடிக்கப் போறீர்?"

"மாமா, அது ஒரு முகபாவம்."

"எத்தனையாவது வருசத்தை எண்ணுறார் எண்டு முகத்திலை தெரியுமோ?"

"எண்ணுறது எண்டால் நினைக்கிறது மாமா. உங்கடை எண்ணுறது இல்லை."

"பல்லு நோவுக்கும் இந்த முகம்தான். கடன்காரன் வந்தாலும் இந்த முகம்தான்."

அவர் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற மனிதர்.

சிவப்புப் பேனையை எடுத்து, கெமராவுக்குத் தெரியாததையும் காதுக்குக் கேட்காததையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். திரைக்கதையில் எழுதும் வரி கண்ணுக்கோ காதுக்கோ வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காத வரியை நடிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. 'உருகுகிறார்' போனது. 'வெறுமை சூழ்கிறது' போனது. 'காலம் உறைகிறது' போனது. மூன்று பக்கத்தில் கடைசியாக மிஞ்சியவை கண்ணீர், மாலை போட்ட படம், விளக்கு, இடி, வயலின். யாரோ செத்திருக்கிறார் என்று அவை சொல்லும். யார் என்று சொல்லாது. எந்த வீட்டுக்கும் வாடகைக்கு விடக்கூடிய சாமான்கள்.

மகள் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். கிழவர் பழக்கதோசத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணி போடுகிறார், பிறகு ஒன்றைப் பார்க்கிறார், வெளியே ஊற்றுகிறார். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. எத்தனை படத்தில் பார்த்தாளோ.

"நான் எப்ப பிள்ளை தேத்தண்ணி போட்டனான்?"

"படத்துக்குத்தானே அப்பா."

"ரெண்டு கோப்பை போடுறதுக்கு முதல் ஒரு கோப்பை போடத் தெரியவேணும்."

குசினிக்குள் சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்பது கொம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நானே எழுதுவதாக இருந்தேன். மனைவியின் பொருட்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். கண்ணாடி, சீப்பு, செருப்பு இரண்டு சோடி, திருநீற்றுக் குடுவை, தைலப்போத்தல்கள். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை மேசையில் வைத்துக் காட்டினால், கண்ணாடி போடும் ஒருவர் இருந்தார் என்று விளங்கும். நாட்டில் அரைவாசிப்பேர் கண்ணாடி போடுகிறார்கள். பொருள் சும்மா கிடந்தால் அது பொருள்தான். அது ஒரு உடம்புக்கென்று அளவாக அமைந்து, இன்னொரு உடம்பு வந்து அதில் முட்டும்போதுதான் இல்லாத ஆளின் உருவம் தெரிகிறது. இதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் படிக்கவில்லை. கண்டுபிடித்ததும் நானாக இல்லை. பக்கத்து வளவுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்ததால் தெரிந்தது.

அவர் ஒருகாலத்தில் கோயில் திருவிழா நாடகங்களில் அரசனாக நடித்தவர். இன்னும் அரசன்தான், மதிலுக்கு மேலால் தலையை நீட்டித்தான் கதைப்பார். ஒரு காலை நான் கிணற்றடிக்குப் போகும்போது கூப்பிட்டார்.

"ஐயா, நாள்தோறும் அந்த இடத்திலை ஆருக்குக் கும்பிடு போடுறியள்?"

"என்ன கும்பிடு?"

"இப்ப குனிஞ்சியளே. வெறும் காத்துக்கு."

திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் முன்பு உடுப்புக்கொடி இருந்தது. குசினிச் சுவர் ஆணியிலிருந்து முருங்கை மரத்துக்கு, என் கழுத்தளவில். மனைவிக்கு எட்டும் உயரம் அதுதான். நான் ஒவ்வொரு நாளும் குனிந்துதான் அதைத் தாண்டுவேன். அவள் போன பிறகு கம்பி கறள் பிடித்துவிட்டதென்று மருமகன் அதை அறுத்து எறிந்து, விறாந்தையில் மடக்கி வைக்கிற இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கி வைத்தார். கொடி இல்லை. நான் குனிந்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் காட்சி கிடைத்துவிட்டது. ஒரு மனிதன் வளவில் நடக்கிறான், ஒன்றுமில்லாத இடத்தில் குனிகிறான், நிமிர்ந்து நடக்கிறான். கண்ணீர் இல்லை, இடி இல்லை.

அரசனே நடிக்க முன்வந்தார். மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் குனிய முதல் நின்றார். வானத்தைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு இராச்சியத்தையே இழந்தவர் மாதிரிக் குனிந்தார்.

"அண்ணை, கையை நெஞ்சிலை வைக்காதேங்கோ," என்றார் மருமகன்.

"அப்ப கவலை எப்பிடித் தெரியும் தம்பி?"

"கவலை தெரிய வேண்டாம். குனியிறது தெரிஞ்சால் காணும்," என்றேன் நான்.

"முதுகு நோகிறவன் மாதிரியெல்லோ இருக்கும்?"

அவருடைய அந்தக் கேள்வியை அப்போது நான் மதிக்கவில்லை.

கடைசியில் நானே நடித்தேன். அதுவும் கெட்டுப்போனது. குனிய வேண்டும் என்று தெரிந்து குனிகிறவனின் கழுத்து முதலே தயாராகிவிடுகிறது. ஐந்து தடவை எடுத்தும் சரிவரவில்லை. மருமகன் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"மாமா, குனியிறதை மறவுங்கோ. இதைச் சிந்தாமல் வாழையடிக்குக் கொண்டுபோங்கோ."

கண் தண்ணீரில் இருந்தது. விளிம்பில் அது ஆடியது. வாழையடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குனிந்தேனா இல்லையா என்று யோசித்தேன். குனிந்திருக்கிறேன், தண்ணீர் சிந்தவும் இல்லை. மருமகனுக்குத் தொழிலில் தெரிந்த ஒரு விசயத்தை நான் அன்றைக்குக் கண்டேன். ஒன்றுதான்.

கெமராவை எங்கே வைப்பது என்பதில் சண்டை. அவர் என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவர நின்றார். முகத்துக்குக் கிட்டப் போனால் தலை படச்சட்டத்துக்குக் கீழே விழும். மனிதன் மயங்கி விழுகிறான் என்று நினைப்பார்கள். பக்கவாட்டில், தூரத்தில், அசையாமல் வைக்கச் சொன்னேன். சுவரில் இருக்கும் ஆணியும் முருங்கையில் கம்பி அறுத்த வடுவும் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் படம். என் முகம் இல்லை.

பிறகு சத்தம். வயலினை நிறுத்துவதற்கு நான் சாப்பிடாமல் இருக்க வேண்டி வந்தது. என் மனைவியின் சத்தம் ஒன்றுண்டு. துவைத்த துணியைப் பிழிந்து, கொடியில் போடமுதல் ஓங்கி உதறுவாள். படார் என்று கேட்கும். நான் முன்வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டே எத்தனை துணி என்று எண்ணுவேன். அந்தச் சத்தம் மதிலுக்கு அப்பாலிருந்து, வேறொரு வளவிலிருந்து வரவேண்டும். தண்ணீரோடு போகிறவன் அதைக் கேட்டு நிற்கிறான், தலை திரும்புகிறது, பிறகு நடக்கிறான். வேறு ஒருத்தியின் துணி என்று விளங்கிக்கொள்ள அந்த ஒரு திரும்பல் போதும். சத்தம் நின்ற பிறகு துறைமுகப் பக்கத்துக் கப்பலின் ஊதலும் காகமும் வரலாம். அவை முதலும் இருந்தவைதான். உதறல் நின்றால்தான் காதில் விழும்.

மருமகன் மகளின் நைலோன் சட்டை ஒன்றை உதறிச் சத்தம் பிடித்தார். கடதாசி கிழிகிற மாதிரி இருந்தது. காய்ந்த துணி சத்தம் போடாது, நைலோன் நனைந்தாலும் போடாது. நான் இடுப்பில் கட்டுகிற பருத்திச் சாரம் வேண்டும், பிழிந்து ஈரம் பாதி நிற்க வேண்டும். அரசனின் மனைவி மதிலுக்கு அப்பால் நின்று என் பழைய சாரத்தை உதறித் தந்தாள். அரசன் தானும் உதறுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம்.

ஒரு நிமிடமும் சொச்சமுமான படம். மகனுக்கு அனுப்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசி எடுத்தான்.

"அப்பா, படம் பார்த்தனான். ஏன் குனியிறியள்? முதுகு நோவோ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சின்னவனும் அதைத்தான் கேட்டவன். டொக்டரிட்டைக் காட்டினியளே?"

தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பெற்ற தாய் உடுப்புக் காயப்போட்ட இடம் தெரியாத பிள்ளை. பனியில் மூளை இறுகிவிட்டது என்று மருமகனிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மச்சான் இங்கை இருக்கேக்கை கொடி மேல் ஆணியிலைதானே மாமா கட்டியிருந்தது?"

சுவரைப் பார்த்தேன். இரண்டு ஆணிகள். மேலே ஒன்று, என் தலைக்கு மேல் அரை முழம். கீழே ஒன்று, கழுத்தளவில். மகன் வெளிநாடு போகும்போது கொடி மேலேதான் இருந்தது; பிறகு அவன் வந்து பார்க்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அந்த வளவில் யாரும் ஒருநாளும் குனிந்ததில்லை.

கொடி கீழே வந்தது பிறகு. மனைவிக்கு வலது தோள் இறுகிப்போனது. கை தோளுக்கு மேல் எழும்பாது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி உயர்த்திப் பார்ப்பாள், பாதியில் நின்றுவிடும். தலை வாரி இழுக்க மகள் வேண்டும், சட்டை மாட்ட நான் வேண்டும். ஒன்பது வருடம் அப்படித்தான். மகனுக்குச் சொல்லவில்லை. "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அவன் அங்கை தனியக் குளிருக்குள்ளை கிடக்கிறான்," என்பாள். வீடியோவில் அவன் வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. வெளியில் இருப்பவனுக்கு நல்லதை மட்டும் அனுப்புவது. மிளகாய்த்தூளும் பலகாரமும் சுகமாயிருக்கிறோம் என்ற சேதியும். இந்த ஊரில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் நோயே இல்லாத வீடு, ஒருநாள் திடீரென்று பிணம் கிடக்கும் வரை.

அரசன் கேட்டது சரியாகிப்போனது. பார்க்கிறவனுக்கு முன்பே காட்டாத ஒன்றை இல்லையென்று காட்ட முடியாது. கொடி இருந்ததைக் கண்டால்தான் கொடி இல்லாதது தெரியும். நான் எங்கள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் படம் எடுத்திருக்கிறேன். அவர்களுக்கோ படம் தேவையில்லை.

முன்னால் சேர்க்க ஒரு பகுதி எழுதினேன். மகள் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ அப்பா."

"நாங்கள் சொல்லேல்லையே. இதிலை ஆராவது வாய் திறக்கினமோ?"

"பகிடியே விடுறியள்?"

"எனக்கு ஏலாது பிள்ளை, இன்னொரு ஞாயிறு முதுகு நோவைப் பற்றிக் கதைக்க."

அவள் தாளை எடுத்து இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு தாயின் வீட்டுச் சட்டை ஒன்றை எடுக்க அலுமாரியைத் திறந்தாள். அவளுக்குத் தாயின் உயரம். முதுகும் கைகளும் மட்டும் தெரிந்தால் போதும்.

மேல் ஆணியில் கம்பி கட்டினோம். முருங்கையில் பழைய வடுவுக்கு மேலே. அந்த வடு காலம் போனதைச் சொல்லாது, வேறொன்று வேண்டும். மனைவி இருந்தபோது கொடிக்குக் கீழே ஒரு நீள வரியாகப் புல் பச்சையாக நின்றது, துணியிலிருந்து சொட்டிய தண்ணீரில். சுற்றிவர வெறும் மணல். இப்போது அந்த வரி காய்ந்து சாம்பல் நிறம். எழுத்துப் போட்டு 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று சொல்லத் தேவையில்லை, புல் சொல்லும். மருமகன் கொம்பியூட்டரில் பச்சை பூசித் தருகிறேன் என்றார். தார் பூசுவது போல் இருக்கும் என்றேன். வீட்டு உடுப்பு முழுவதையும் அங்கே காயப்போட வைத்தேன். திவசத்துக்கு முதல் பச்சை வராதோ என்று பயந்தேன். வந்தது, அரைகுறையாக. அதைத் தின்ன மானும் வந்தது. ஊருக்குள் அலைகிற இந்த மான்களைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். எங்களுக்குத்தான் அவற்றின் குணம் தெரியும். ஒன்று சாரத்தின் நுனியை மென்றுகொண்டு நின்றதில் ஒரு காலை முழுவதும் வீண்.

எடுத்தது இதுதான். பெண்ணின் முதுகு. ஈரத்துணியோடு வலது கை உயர்கிறது, தோளளவில் நிற்கிறது. இடது கை வந்து முழங்கையைத் தாங்கித் தள்ளுகிறது. ஏறவில்லை. துணியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டுகிறது. இரண்டு ஆண் கைகள் வந்து கம்பியை மேல் ஆணியிலிருந்து அவிழ்க்கின்றன, கீழ் ஆணியில் கட்டுகின்றன, இழுத்துப் பார்க்கின்றன. அவள் இடது கையால் துணியை உதறுகிறாள். படார். கொடியில் போடுகிறாள். அவன் போகத் திரும்பி, கம்பியில் நெற்றியை முட்டுகிறான்; பிறகு குனிந்து போகிறான். இந்த முட்டல் என் சேர்க்கை இல்லை. முதல் நாள் அப்படித்தான் முட்டினேன். அவள் சிரித்த சிரிப்பைப் படத்தில் வைக்கவில்லை. மகளுக்கு அந்தச் சிரிப்பு வராது.

அதன் பிறகு காய்ந்த புல், பேசின், குனிதல், மதிலுக்கு அப்பால் உதறல்.

திவசத்தன்று ஐயர் போய், சாப்பாடு முடிந்து, இலைகள் எடுத்த பிறகு படத்தை விறாந்தைச் சுவரில் போட்டோம். உறவினர் இருபத்தாறு பேர். அவர்களில் நான்கு பேர் நித்திரை. நோர்வே மகன் குடும்பத்தோடு கொம்பியூட்டரின் ஒரு மூலையில் இருந்தான். இம்முறை முகத்தை மூடவில்லை.

முடிந்ததும் மனைவியின் பெரியம்மா மகள் சத்தமாகவே கேட்டாள்.

"இதென்ன அத்தான், ஒரு தேவாரம்கூட இல்லை? ஆர் செத்தது எண்டே விளங்கேல்லையே. அவளின்ரை படத்தையாவது ஒருக்காக் காட்டியிருக்கலாம்."

"பாயசம் நல்லா இருந்தது," என்றார் அவளுடைய கணவர்.

இவர்களுக்கு வயலின்தான் சரி. அடுத்த தடவை, என் முறைக்கு, மருமகன் தாராளமாகப் போடட்டும்.

கொம்பியூட்டரின் மூலையில் சின்னவன் ஏதோ கேட்டான். மகன் எழுந்து நின்றான், பிறகு கதிரையில் இருந்தான். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா. எப்ப இருந்து?"

"ஒன்பது வருசம்."

"ஒன்பது வருசம் எனக்குக் கையை ஒளிச்சவ."

நான் தலையை ஆட்டினேன்.

"அவ என்னோடை கதைக்கேக்கை நான் ஒவ்வொரு முறையும் சொல்லுறனான், அம்மா கையைக் காட்டி ராட்டா சொல்லுங்கோ, பிள்ளையள் பாக்கினம் எண்டு. இடக்கையைத்தான் ஆட்டுவா. நான் அதைப் பகிடி பண்ணினனான். எல்லாருமாச் சேர்ந்து என்னை மடையனாக்கிப் போட்டியள்."

ஒரு வருடத்தில் அவன் தாயைப் பற்றிச் சொன்ன முதல் சொற்கள். குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். எனக்குப் பதில் இருந்தது, அவளுடைய கட்டளை என்று. அதைச் சொல்லாமல் கதிரையை இழுத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் போட்டு இருந்தேன். அவன் ஏசி முடிக்கட்டும் என்று. அவனும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.